சடை போடும் பிள்ளைக்கு முடி நுனி எப்படி இருக்க வேண்டும்?

சுங்கை சிப்புட், பீடோர், பகாவ் போன்ற தோட்டப்புற ஊர்களில் தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில் சாலையோரம் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இரட்டைச் சடை மேலே கயிறு போல இருக்கும், கீழே எலிவால் போல முடியும். எண்ணெய் போதவில்லை, சத்து போதவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். பல பிள்ளைகளுக்குக் காரணம் வேறு: பின்பக்க முடி 'வி' வடிவத்தில் வெட்டப்பட்டிருக்கிறது, அல்லது மொட்டை அடித்த பிறகு ஒருமுறைகூட ஒழுங்காக நுனி வெட்டப்படவில்லை.

சலூனில் உட்கார வைத்ததும் "நேரா வெட்டவா, யு-வா, வி-யா?" என்று கேட்பார்கள். விரித்த முடிக்கு எது அழகு என்று யோசித்துத்தான் நாமும் பதில் சொல்கிறோம். ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் முடி விரிந்து கிடப்பது வார இறுதியிலும் கல்யாணம் காட்சியிலும்தான். மற்ற நாளெல்லாம் பின்னலில் இருக்கிறது. வீட்டில் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பவர் அந்தப் பின்னலை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் முடி இயல்பாக எந்த வடிவத்தில் வளர்கிறது என்று பார்ப்போம். தைப்பூசத்துக்கு மூன்று வயதில் மொட்டை போட்ட பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று தலையில் எல்லா முடியும் ஒரே நீளம். மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. என்று எல்லாம் ஒரே போலத்தான் வளர்கின்றன. ஆனால் முளைக்கும் இடம் ஒன்றல்ல. பிடரியில் முளைத்த முடி கீழே இருந்து தொங்குகிறது, உச்சியிலும் நெற்றியோரத்திலும் முளைத்த முடி மேலே இருந்து தொங்குகிறது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் எல்லா முடியும் 36 செ.மீ. இருக்கலாம். ஆனால் பிடரி முடிதான் முதுகில் ஆகக் கீழே வரை எட்டும், பக்க முடி அதற்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். யாரும் வெட்டாமலேயே நடு நீண்டு பக்கம் ஏறிய வடிவம் வந்துவிடுகிறது. பின்னினால் பக்கத்து முடி பாதி வழியிலேயே தீர்ந்துவிடும், கடைசி நாலு விரல் நீளத்துக்குப் பிடரி முடி மட்டுமே மிஞ்சும். அதுதான் எலிவால்.

இதன் மேல் 'வி' வெட்டினால் அந்தக் குறை இரட்டிப்பாகிறது. 'வி' என்றால் நடு முடியை விட்டுவிட்டுப் பக்க முடியைக் குறைப்பது. நடுவுக்கும் ஓரத்துக்கும் 10 செ.மீ. வித்தியாசம் இருந்தால், சடையில் கீழிருந்து அந்த 10 செ.மீ. வரை குட்டை முடிகள் ஒவ்வொன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காலையில் தண்ணீர் தொட்டுப் படிய வைத்தாலும் பள்ளி ஓய்வு நேரத்துக்குள் கிளம்பிவிடும். ரிப்பனும் மெல்லிய நுனியில் நிற்காது, வழுகி இறங்கும். நேர்வெட்டில் இந்தத் தொல்லை குறைவு. எல்லா முடியும் முதுகில் ஒரே மட்டத்தில் முடிவதால் சடையிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடியும், நுனி வரை கனம் இருக்கும்.

அதற்காக 'வி' வீண் என்று சொல்லவில்லை. அடர்த்தியான, அலையலையான முடியை நேராக வெட்டினால் விரித்துப் போடும்போது அடியில் அகன்று துடைப்பம் போலத் தெரியும். அப்படிப்பட்ட முடிக்கு 'யு' நல்ல இடைவழி. நடுவுக்கும் ஓரத்துக்கும் 3 முதல் 4 செ.மீ. வித்தியாசம் மட்டும் வைத்தால் விரித்தால் வளைவு தெரியும், பின்னினால் குறை தெரியாது. மெல்லிய முடி உள்ள பிள்ளைக்கு 'வி' வேண்டவே வேண்டாம். இருக்கிற கொஞ்ச முடியையும் நுனியில் பிய்த்துக் காட்டும் வடிவம் அது. ஆழமான 'வி' வேண்டும் என்று பிள்ளையே கேட்டால், தினமும் சடை போடும் பள்ளிக் காலம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவதுதான் நல்லது.

இனி நேர்வெட்டு. மற்ற இரண்டும் இதிலிருந்து பிறப்பவை என்பதால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கத்தரிக்கோல்தான் முதல் செலவு. முடி வெட்டுவதற்கென்றே விற்கும் 5.5 அல்லது 6 அங்குலக் கத்தரி வேண்டும். சமையலறைக் கத்தரி முடியை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய நுனி சீக்கிரமே பிளக்கும். வெட்டும்போதே முடி வாயிலிருந்து வழுகி முன்னால் ஓடுவதால் கோடும் சாயும். புதுக் கத்தரி கூர்மையா என்று பார்க்க, நனைத்த டிஷ்யூ காகிதத்தை வெட்டிப் பாருங்கள். மடிந்து சிக்கினால் முடிக்கு ஆகாது. வாங்கிய பிறகு அதில் மைலோ பாக்கெட்டையோ துணியையோ ஒருமுறை வெட்டினாலும் முனை மழுங்கத் தொடங்கிவிடும். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், தனியாக வையுங்கள். இது போக ஒரு சன்னப் பல் சீப்பு, நான்கைந்து பெரிய கிளிப்பு, தண்ணீர் தெளிக்கும் புட்டி, தையல் அளவு நாடா போதும்.

எண்ணெய் வைத்த தலையில் வெட்டக்கூடாது. எண்ணெயில் முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், ஒரு கொத்தில் எது நீளம் எது குட்டை என்று தெரியாது. தலை குளிக்க வைத்து, துவட்டி, ஈரம் சொட்டாத பதத்தில் சிக்கெடுத்து வெட்டுங்கள். சொட்டச் சொட்ட நனைந்த முடி இழுத்தால் நீளும், காய்ந்ததும் ஏறிவிடும். நேர் முடிக்கு இது பெரிய விஷயம் இல்லை. சுருட்டை முடிக்கு 1 செ.மீ. வெட்டினேன், 3 செ.மீ. போய்விட்டது என்று ஆகிவிடும். சுருட்டை என்றால் நினைத்ததில் பாதி மட்டும் ஈரத்தில் வெட்டி, மீதியைக் காய்ந்த பிறகு பார்த்து வெட்டுவது நல்லது. வெள்ளி, செவ்வாயில் வெட்டக்கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக்கூடாது என்று பாட்டிமார் சொல்வதில் கடைசியை மட்டுமாவது கேளுங்கள். கறுப்பு முடியின் ஓரம் மங்கலான மின்விளக்கில் சரியாகத் தெரியாது. காலை வெளிச்சத்தில் அஞ்சடியில் வைத்து வெட்டினால் பெருக்கவும் சுலபம்.

முதுகுக்குக் கீழே வரும் முடியைப் பிள்ளையை உட்கார வைத்து வெட்டாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளை கூன் போடும், முடி நாற்காலி முதுகில் மடங்கும். பிள்ளை நிற்கட்டும், வெட்டுபவர் சின்ன ஸ்டூலில் உட்காரட்டும். வெட்டும் கோடு உங்கள் கண் மட்டத்துக்கு வர வேண்டும். மேலே நின்று குனிந்து பார்த்து வெட்டினால் நேராகத் தெரியும் கோடு, உட்கார்ந்து பார்த்தால் நேராக இருக்காது.

அடுத்துத் தலை. வீட்டு வெட்டு கோணலாகப் போவதற்குக் கை நடுக்கத்தைவிடப் பிள்ளையின் தலை அசைவே பெரிய காரணம். பிள்ளை குனிந்தால் பிடரி மேலே ஏறும், அதோடு முதுகு முடியும் ஏறும். நெற்றிப்பக்க முடியோ இறங்கும். அந்த நிலையில் நேராக வெட்டிவிட்டு நிமிரச் சொன்னால், நடு முடி இறங்கிப் பக்க முடி ஏறி, நீங்கள் கேட்காத 'யு' ஒன்று கிடைக்கும். கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்து நிற்க வைத்தால் இதுதான் நடக்கும். உயரத்தில் மாட்டிய தொலைக்காட்சியைப் பார்க்க விட்டால் இதற்கு நேர்மாறு. அண்ணாந்த தலையில் பின்முடி இறங்கி நிற்கும், அப்போது வெட்டினால் நிமிர்ந்ததும் நடுவில் பள்ளமாகவும் இரு ஓரம் நீண்டும் வரும். இதைச் சரிசெய்ய ஓரங்களை வெட்டுவதைத் தவிர வழியில்லை. தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தால் வலப்பக்க முடி இறங்கி அதிகம் வெட்டுப்படும், நிமிர்ந்ததும் வலப்பக்கம் குட்டை.

அதனால் பிள்ளையின் கண் மட்டத்தில் சுவரில் ஏதாவது ஒன்றை ஒட்டுங்கள். ஸ்டிக்கர், காலண்டர் படம், எதுவானாலும் சரி. "குனியாத கண்ணு, அந்தப் பூனையைப் பாரு" என்று சொல்வது "நேரா நில்லு" என்று பத்துமுறை அதட்டுவதைவிட வேலை செய்யும். இரண்டு காலிலும் சமமாக நிற்க வேண்டும், ஒரு காலைத் தளர்த்தி நின்றால் இடுப்பும் தோளும் சாயும். சின்னப் பிள்ளை பத்து நிமிடத்துக்கு மேல் அப்படி நிற்காது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெற்றி நடுவிலிருந்து பிடரி வரை வகிடு எடுங்கள். எல்லா முடியையும் தோளுக்குப் பின்னால் தள்ளுங்கள். பிறகு பிடரியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் காதிலிருந்து காதுக்குக் குறுக்காக ஒரு கோடு எடுத்து, அதற்கு மேல் உள்ளதையெல்லாம் சுருட்டிக் கிளிப்புப் போடுங்கள். கீழே மிஞ்சும் மெல்லிய அடுக்குதான் வழிகாட்டி. அதை முதுகோடு ஒட்டிச் சீவி, நடுவில் 2, 3 செ.மீ. அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள். அங்கிருந்து வலப்பக்கம், திரும்ப நடுவுக்கு வந்து இடப்பக்கம். ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை ஒரே ஓட்டமாக வெட்டினால் கை தன் போக்கில் ஏறும் அல்லது இறங்கும். முடியை விரலிடுக்கில் பிடித்து உங்கள் பக்கம் தூக்கவும் வேண்டாம். தூக்கிய முடி வெட்டுப்பட்டுக் கீழே விழும்போது அடி ஒரு நீளம், மேல் ஒரு நீளம் என்று அடுக்கு விழுந்துவிடும். சீப்பை முடியோடு முதுகில் படிய வைத்து, சீப்புக்குக் கீழே வெட்டுவதே பாதுகாப்பு.

அடுத்த அடுக்கை இறக்குங்கள். அதன் ஊடாக முதல் அடுக்கின் ஓரம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அதிகமாக இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மூன்று அல்லது நான்கு அடுக்கில் தலை முடிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே கத்தையாகப் பிடித்து ஒரே வெட்டில் முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. கத்தரி மூடும்போது கனத்த கத்தை முன்னே நகரும், கோடு சாய்ந்தே வரும்.

குதிரைவாலாகக் கட்டி ரப்பருக்குக் கீழே நறுக்குவது இன்னொரு குறுக்கு வழி. பிடரியில் கட்டிய வாலில் நெற்றிப்பக்க முடி அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருக்கிறது. வாலின் நுனி ஒரே மட்டமாகத் தெரிந்தாலும், அவிழ்த்துவிட்டால் நெற்றிப்பக்க முடி இறங்கிப் பிடரி முடியைவிட நீண்டு தொங்கும்.

வெட்டிய பிறகு சரி பார்க்க அளவு நாடாவை எடுங்கள். பிள்ளை நேராக நிற்கையில் தரையிலிருந்து வல ஓர நுனி வரை அளந்து, அதேபோல் இட ஓரத்தையும் அளந்தால் கண் ஏமாற்றம் இருக்காது. அரை செ.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், சடையிலும் தெரியாது, விரித்தாலும் தெரியாது. அதற்கு மேல் இருந்தால் உடனே கத்தரியை எடுக்க வேண்டாம். தலையை மறுபடி நேராக்கி, மறுபடி சீவி, மறுபடி அளந்து, அப்போதும் இருந்தால்தான் நீளமான பக்கத்தைத் தொட வேண்டும். வலத்தைக் கொஞ்சம், இடத்தைக் கொஞ்சம் என்று சரிசெய்யப் போய் நுனி வெட்ட வந்தவர்கள் தோள் வரை கொண்டுவந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. அதனால்தான் முதல் சுற்றில் நினைத்ததைவிட 1 செ.மீ. குறைவாகவே வெட்ட வேண்டும்.

'யு' வேண்டுமென்றால் இந்த நேர்கோட்டிலேயே நடு மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல், மீதி இரண்டு பக்கத்தையும் ஓரம் நோக்கி மெல்ல ஏற்றி வெட்டினால் போதும். ஓரத்தில் ஏற்றம் 3 அல்லது 4 செ.மீ. இரண்டு ஓரத்திலும் எங்கே முடிகிறது என்று முதலிலேயே தரையிலிருந்து அளந்து சின்னக் கிளிப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

'வி' வேறு கணக்கு. வகிட்டைப் பிடரி வரை இறக்கி, முடியை இரண்டு பாகமாகத் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து, இரண்டையும் நெஞ்சில் ஒரே மட்டத்தில் நேராக வெட்டுகிறார்கள். நடு முதுகு முடி கழுத்தைச் சுற்றித் தோளேறி வர வேண்டியிருப்பதால் அதன் நுனி வெட்டுக்கு அவ்வளவாக எட்டாது. திரும்பப் பின்னால் தள்ளினால் நடு நீண்டு கூராக நிற்கும். கழுத்தும் தோளும் எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்கின்றனவோ அவ்வளவு ஆழம் வரும், அதை நாம் தீர்மானிப்பதில்லை. ஆழம் நம் கையில் இருக்க வேண்டும் என்றால் 'யு'வைப் போல முதுகிலேயே அளந்து வெட்டுவதுதான் வழி.

ஏற்கெனவே ஆழமான 'வி' இருக்கும் பிள்ளையை நேர்வெட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள்தான் அதிகம் தயங்குவார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை, நடு முடி இடுப்பைத் தொடுகிறது, ஓரம் அதற்கு 12 செ.மீ. மேலே நிற்கிறது என்று வையுங்கள். ஒரே நாளில் 12 செ.மீ. வெட்டினால் நேராகிவிடும். ஆனால் பிள்ளை அழும், பாட்டி பேசமாட்டார். அதற்குப் பதில் இன்று நடுவிலிருந்து மட்டும் 3 செ.மீ. எடுங்கள், ஓரத்தைத் தொடாதீர்கள். கூர் மழுங்கி வித்தியாசம் 9 செ.மீ. ஆகும். மூன்று மாதத்தில் எல்லாப் பக்கமும் 3 செ.மீ. வளர்ந்திருக்கும், அப்போது மறுபடி நடுவில் 3 செ.மீ. வெட்டினால் வித்தியாசம் 6. ஆறாம் மாதம் இன்னொரு 3 செ.மீ. போனால் மிச்சம் 3, அதுவே அழகான 'யு'. அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒன்பதாம் மாதம் கடைசி 3 செ.மீ.யையும் எடுத்தால் கோடு நேர். மொத்தம் வெட்டியது 12, இடையில் வளர்ந்தது 9. நடு முடி இப்போது இருப்பதைவிட 3 செ.மீ. மட்டுமே குறைந்திருக்கும். ஒவ்வொரு முறையும் நடு அடுக்கில் மட்டும் கை வைத்து, வெட்டின இடத்தின் இரு முனையையும் வளைத்து ஓரத்தோடு சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு படிக்கட்டு தெரியும்.

நேரான பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1 செ.மீ. எடுத்தால் போதும். அதற்குள் ஓரம் மட்டும் மறுபடி மெலிந்து ஏறினால், கத்தரியைக் குறை சொல்லாமல் ரப்பரைப் பாருங்கள். தினமும் ஒரே இடத்தில் இறுக்கிப் போடும் மெல்லிய ரப்பர் அந்த இடத்திலேயே முடியை அறுக்கும். துணி சுற்றிய ரப்பருக்கு மாறி, கட்டும் இடத்தை இரண்டு விரல் மேலும் கீழுமாக மாற்றிப் போட்டால் அறுபடுவது குறையும்.